லுக்அலைக் ஆடியன்ஸ்: பட்டியலைக் கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: எங்கள் ஆன்லைன் கடையில் இதுவரை வாங்கிய 14,000 பேரின் பட்டியலை மெட்டாவில் ஏற்றி விளம்பரம் காட்ட 1% லுக்அலைக் ஆடியன்ஸ், அதாவது அவர்களைப் போன்ற புது ஆட்களின் கூட்டம், செய்தேன். எந்த டார்கெட்டிங்கும் இல்லாத பிராட் ஆடியன்ஸைவிட அது ஒன்றும் நன்றாக ஓடவில்லை. பட்டியல் சின்னதாக இருப்பதுதான் காரணமா? விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களையும் சேர்த்து 40,000 ஆக்கலாமா, இல்லை நல்ல கஸ்டமர் 500 பேரை மட்டும் வைத்துச் செய்யலாமா?

பதில்:

இரண்டுமே வேண்டாம். 40,000 ஆக்கினால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். 500 ஆகக் குறைத்தால் யார் கிடைப்பார்கள் என்பது பாதி அதிர்ஷ்டமாகிவிடும். உங்கள் 14,000 பேரிலிருந்து கழிக்க வேண்டியவர்களைக் கழித்துவிட்டு, மெட்டா அடையாளம் கண்டுகொள்ளும் ஆட்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் மிஞ்சும்படி ஒரு பட்டியல் செய்யுங்கள். மெட்டா கேட்கும் குறைந்தபட்சம், ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேர். அது பரிந்துரைப்பது 1,000 முதல் 5,000 வரை. உங்களிடம் ஆள் குறைவில்லை. யார் யார் கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெரிய பட்டியல் கொடுத்தால் பெரிய ஆடியன்ஸ் கிடைக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1% என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டில் மெட்டாவைப் பயன்படுத்துபவர்களில் நூற்றில் ஒரு பங்கு. அங்கே 4 கோடிப் பேர் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 4 லட்சம். நீங்கள் 500 பேரைக் கொடுத்தாலும் அதே 4 லட்சம்தான், 40,000 பேரைக் கொடுத்தாலும் அதே 4 லட்சம்தான். நீங்கள் கொடுக்கும் மூலப் பட்டியல், அதாவது சீட், தீர்மானிப்பது அந்த 4 லட்சம் பேர் யார் என்பதை மட்டுமே.

எப்படித் தீர்மானிக்கிறது? பட்டியலில் இருப்பவர்களையும் நாட்டின் மற்ற பயனர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்களிடம் மட்டும் எது தூக்கலாகத் தெரிகிறது என்று பார்க்கிறது. அதை வைத்து எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, மேலே இருக்கும் ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆக, தூக்கலாகத் தெரிய வேண்டியது மங்கிப்போனால் கணிப்பும் மங்கிப்போகும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, விளக்கத்துக்காக மட்டும். உங்கள் நல்ல வாடிக்கையாளர்களிடம் ஒரு குணம் இருக்கிறது என்று வையுங்கள். பொது மக்களில் 4% பேரிடம் இருக்கும் அது, உங்கள் நல்ல வாடிக்கையாளர்களில் 16% பேரிடம் இருக்கிறது. நாலு மடங்கு வித்தியாசம், கணினிக்குப் பளிச்சென்று தெரியும். இப்போது 14,000 பேரில் 4,200 பேர்தான் அப்படிப்பட்டவர்கள், மீதி 9,800 பேர் இந்தக் குணத்தைப் பொறுத்தவரை பொது மக்களைப் போலத்தான் என்று கொள்வோம். மொத்தப் பட்டியலில் அந்தக் குணம் 7.6% ஆகிவிடுகிறது. வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. வாங்காமல் போனவர்களைச் சேர்த்து 40,000 ஆக்கினால், அதே 4,200 பேர் இன்னும் கரைந்துபோய், 5.3% பக்கம் வந்து நிற்கும். பொது மக்களின் 4 சதவீதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அப்படிக் கரைந்த பட்டியலிலும் எல்லோருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும்: ஆன்லைனில் வாங்குபவர்கள், விளம்பரத்தைத் தட்டுபவர்கள். அதைத்தான் கணினி கற்றுக்கொள்ளும். ஆனால் விளம்பரத்துக்கு வாங்குவதை இலக்காக வைத்தால், அந்த மாதிரி ஆட்களை பிராட் ஆடியன்ஸே தேடிக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி ஓடியிருக்கின்றன.

சரி, அப்படியென்றால் மிகச் சிறந்த 500 பேரை மட்டும் கொடுத்தால் என்ன? கொடுத்தது 500 என்றாலும் மெட்டா அடையாளம் காண்பது அதற்குக் குறைவு. 60% பொருந்தினால் 300 பேர். உண்மையில் 16% இருக்கும் குணம், எந்த 300 பேர் சிக்கினார்கள் என்பதைப் பொறுத்து 12 சதவீதமாகவும் தெரியலாம், 20 சதவீதமாகவும் தெரியலாம். 2,500 பேர் என்றால் அதே அலைச்சல் 14.5க்கும் 17.5க்கும் நடுவில் அடங்கிவிடும். ஒரு குணம் மட்டும் என்றால் 300 பேரே போதும். ஆனால் கணினி பார்ப்பது ஒன்றிரண்டு குணங்களை அல்ல. அத்தனை குணங்களில் சில, வெறும் தற்செயலாகவே அந்த 300 பேரிடம் தூக்கலாகத் தெரியும். முப்பது நாற்பது பேர் ஏதோ ஒரு வீடியோ பரிந்துரையைப் பார்த்து ஒரே வாரத்தில் வந்து வாங்கியிருந்தால், உங்கள் வாடிக்கையாளரின் குணத்துக்குப் பதிலாக அந்த வீடியோ பார்ப்பவர்களின் குணம் பட்டியலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஆள் குறைவதால் வரும் தடுமாற்றம் ஆள் சேர்க்கச் சேர்க்கக் குறையும். அதுவும் மெதுவாகத்தான்: தடுமாற்றம் பாதியாக வேண்டுமென்றால் பட்டியல் நாலு மடங்காக வேண்டும். தவறான ஆட்கள் கலந்ததால் வரும் சாய்வு, அதே விதமான ஆட்களை எத்தனை சேர்த்தாலும் குறையாது. ஆயிரம், ரெண்டாயிரம் பேரைத் தாண்டிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அதற்காகத் தரத்தைக் கைவிட வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உங்கள் பட்டியல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. பட்டியலைக் குலுக்கிப்போட்டு இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு 1% லுக்அலைக் செய்யுங்கள். ஆடியன்ஸ் பக்கத்தில் இரண்டையும் டிக் செய்தால் எவ்வளவு பேர் இரண்டிலும் இருக்கிறார்கள் என்று பார்க்கும் வசதி இருக்கிறது. பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், பட்டியலுக்குள் நிலையான ஏதோ ஒரு அடையாளம் இருக்கிறது என்று பொருள். கொஞ்சம்தான் விழுகிறது என்றால், கணினி கற்றுக்கொண்டதில் நிறைய தற்செயல். அப்போதுதான் ஆளைக் கூட்ட வேண்டும். ஆனால் இது அளவைச் சோதிக்குமே தவிர தரத்தைச் சோதிக்காது. தள்ளுபடிக்கு மட்டும் வருபவர்கள் நிறைந்த பட்டியலை இரண்டாகப் பிரித்தாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும், தள்ளுபடிக்கு வருபவர்களையே அழகாகக் கண்டுபிடித்தும் கொடுக்கும்.

இப்போது கழிக்கும் வேலை. ஆர்டர் விவரங்களை எக்செலில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வரிசைக்கு ஓர் ஆர்டர் என்று இருப்பதை ஒரு வரிசைக்கு ஓர் ஆள் என்று மாற்றுங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆர்டர், கடைசியாக எப்போது, கூப்பன் இல்லாமல் ஒரு முறையாவது வாங்கியிருக்கிறாரா, திருப்பி அனுப்பியது எவ்வளவு என்ற நாலு தகவல் போதும். உங்கள் பட்டியலை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மாதிரிக் கடைகளின் பட்டியல்களில் உட்கார்ந்து வேலை செய்த அனுபவத்தில் ஒரு மாதிரிக் கணக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் இருப்பது, கடை ஆட்களே போட்ட சோதனை ஆர்டர், மொத்தமாக வாங்கி வேறு இடத்தில் விற்பவர்கள். இவர்கள் 900 பேர் என்றால் மீதி 13,100. மொத்த வியாபாரிகளை எடுக்க மனம் வராது, பில் பெரிதாக இருக்கும். ஆனால் அவர்களைப் போன்றவர்களை வீட்டுக்கு வாங்குவோருக்கான விளம்பரத்தால் பிடிக்க முடியாது. அடுத்து, ஆர்டரை ரத்து செய்தவர்கள், வாங்கியதையெல்லாம் திருப்பி அனுப்பியவர்கள், 1,300. மீதி 11,800. அப்புறம்தான் பெரிய கூட்டம்: ஒரே ஒரு முறை வந்து, பெரும்பாலும் பெரிய தள்ளுபடி நாளில் கூப்பன் போட்டு வாங்கிவிட்டு, பிறகு எட்டிப் பார்க்காதவர்கள். இவர்கள் 5,100 என்று கொள்வோம். மீதி 6,700. கடைசியாக, இரண்டு வருஷத்துக்கு மேல் ஒன்றும் வாங்காதவர்கள் 2,500 பேர். அவர்கள் வாங்கிய காலத்தில் உங்களிடம் இருந்த பொருளும் விலையும் வேறாக இருந்திருக்கலாம். மிஞ்சுவது 4,200.

இந்தத் தள்ளுபடி நாள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தள்ளுபடி நாளில் முதலில் வந்தவர் எல்லோரும் மோசம் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு வந்து, பிறகு முழு விலையில் இன்னொரு முறை வாங்கியவர் தங்கமான வாடிக்கையாளர், அவரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் வந்தார் என்பதை விட்டுவிட்டு, திரும்பி வந்தாரா, கூப்பன் இல்லாமலும் வாங்கினாரா என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் இப்படிக் கழித்த பிறகு 4,200க்குப் பதிலாக 900 பேர்தான் மிஞ்சினால் என்ன செய்வது? நான் தளர்த்தும் வரிசை இது. முதலில் காலத்தைத் தளர்த்துவேன், இரண்டு வருஷத்தை மூன்றாக்குவேன். அது போதவில்லை என்றால், ஒரே முறை வாங்கியவர்களிலும் முழு விலை கொடுத்து வாங்கித் திருப்பி அனுப்பாதவர்களைச் சேர்ப்பேன். திருப்பி அனுப்புபவர்களையும் விசாரித்துவிட்டுப் போனவர்களையும் மட்டும் எந்தக் கட்டத்திலும் சேர்க்க மாட்டேன். வாங்காதவர்களைக் கொடுத்தால், வாங்காமல் போகிறவர்களைத்தானே அது தேடித் தரும்?

அடுத்தது மேட்ச் ரேட், அதாவது நீங்கள் ஏற்றியவர்களில் எத்தனை பேரை மெட்டா அடையாளம் காண்கிறது என்ற விகிதம். இதை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. 4,200 வரிசை ஏற்றினால் 4,200 பேரும் மூலப் பட்டியலில் சேர்ந்துவிடுவதில்லை. மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்கள் உலாவியிலேயே SHA-256 ஹாஷாக, அதாவது திரும்பப் படிக்க முடியாத ஒரு குறியீடாக, மாற்றப்பட்டு, பிறகுதான் மெட்டாவிடம் இருக்கும் ஹாஷோடு ஒப்பிடப்படுகின்றன. ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுசாக மாறிவிடும், கிட்டத்தட்டப் பொருந்துவது என்ற பேச்சே அங்கே இல்லை. நாட்டுக் குறியீடு இல்லாத தொலைபேசி எண் பொருந்தாது. எக்செல் நீளமான எண்ணை `9.1E+11` மாதிரி ஆக்கிவிட்டால் அந்த எண் போய்விட்டது. ஏற்றுவதற்கு முன்னால் சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்து பத்து வரியாவது கண்ணால் பாருங்கள், எக்செலில் திறந்து பார்த்தால் இந்தக் கோளாறு அப்போதுதான் உண்டாகும். தலைப்பு வரிசை இப்படி இருக்கட்டும்:

```
email,email,phone,phone,fn,ln,zip,country,value
```

ஒருவருக்கு இரண்டு மின்னஞ்சல் இருந்தால் இரண்டையும் கொடுக்கலாம். வேலைக்கான மின்னஞ்சலில் ஆர்டர் போடுபவர் தன் சொந்த மின்னஞ்சலில் அல்லது எண்ணில்தான் மெட்டா கணக்கு வைத்திருப்பார். இது எண்ணிக்கைப் பிரச்சினை மட்டுமல்ல. பொருந்தாமல் போகிறவர்கள் எல்லா விதத்திலும் சமமாகப் போவதில்லை. அலுவலக மின்னஞ்சலில் வாங்குபவர்கள்தான் உங்கள் அதிகம் செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் என்றால், மின்னஞ்சல் மட்டும் கொடுத்த பட்டியலில் அவர்கள்தான் முதலில் உதிர்வார்கள். தொலைபேசி எண்ணும் சேர்த்துக் கொடுப்பது அவர்களை மீட்டுக்கொண்டு வரும். 60% பொருந்தினால் 4,200ல் 2,520 பேர். நமக்கு வேண்டிய அளவுதான். இன்னொன்று: இந்த விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அந்த வாடிக்கையாளர்களிடம் நீங்கள் அனுமதி பெற்றிருக்க வேண்டும். விலகிக்கொண்டவர்களை ஏற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

தலைப்பு வரிசையின் கடைசியில் `value` என்று ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வாடிக்கையாளர் மதிப்புக்கு. அதை நிரப்பினால் எல்லோரையும் ஒரே எடையில் பார்க்காமல், அதிக மதிப்புள்ளவர்களைப் போன்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து லுக்அலைக் செய்யலாம். இந்த வழியில் போனால் கழிக்கும் விதம் மாறும்: உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் கொடுக்காமல் குறைந்த மதிப்புள்ளவர்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். மொத்த பில் தொகையைப் போடாதீர்கள், திருப்பி அனுப்பியதும் தள்ளுபடியும் போக மிஞ்சியதைப் போடுங்கள். ஒரே ஒருவர் மற்றவர்களைவிட ஐம்பது மடங்கு வாங்கியிருந்தால் அவர் மதிப்புக்கு ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் மொத்தமும் அவர் பக்கம் சாயும். இதை இரண்டாவது சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்குச் சுத்தம் செய்த பட்டியலே போதும்.

பழைய பட்டியலின் லுக்அலைக்கையும் புதிய பட்டியலின் லுக்அலைக்கையும் விளம்பரம் ஓட்டி ஒப்பிடும் அந்த முதல் சோதனையில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. மூலப் பட்டியலில் இருப்பவர்களை மெட்டா தானாகவே லுக்அலைக்கிலிருந்து விலக்கிவிடும். சரி. ஆனால் நீங்கள் கழித்த 9,800 பேர் இப்போது மூலப் பட்டியலில் இல்லை. அவர்களும் உங்களிடம் வாங்கியவர்கள், ஆகவே உங்கள் நல்ல வாடிக்கையாளரோடு ஓரளவு ஒத்துப்போகிறவர்கள். அவர்களில் பலர் புதிய லுக்அலைக்கில் வந்து உட்கார்வார்கள். உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதால் சட்டென்று வாங்குவார்கள். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு இறங்கியிருப்பதைப் பார்த்து, புதிய பட்டியல் அபாரம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு புதிய ஆள்கூட வந்திருக்க மாட்டார். அதனால் பழைய 14,000 பேரின் முழுப் பட்டியலையும் இரண்டு பக்கமும் எக்ஸ்க்ளூட் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், உங்கள் முதல் முயற்சிக்கே இது காரணமாக இருந்திருக்கலாம். ஆட்களை மெட்டாவே தேடிக்கொள்ளும் அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸில் நீங்கள் கொடுக்கும் லுக்அலைக் வெறும் யோசனையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நல்ல பலன் கிடைக்கும் என்று தோன்றினால் அதைத் தாண்டி வெளியே போய்விடும். அப்படி ஓடவிட்டு பிராட் ஆடியன்ஸோடு ஒப்பிட்டால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஆட்களிடம் போயிருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆடியன்ஸ் அமைப்புக்கு மாறி, விரிவாக்கம் எங்கெல்லாம் டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எந்தக் குறிக்கோளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து, அதை அணைக்கும் வசதி இருக்கும் அல்லது இருக்காது.

பழைய 14,000 பட்டியலின் 1% ஒரு பக்கம், புதிய 4,200 பட்டியலின் 1% இன்னொரு பக்கம், மெட்டாவின் ஏ/பி சோதனையில் ஓடட்டும். ஒரே விளம்பரம், ஒரே பட்ஜெட், ஒரே நாட்கள். ஒவ்வொரு பக்கமும் நூறு ஆர்டராவது சேராமல் வாயைத் திறக்காதீர்கள். ஒரு பக்கம் 50, மறுபக்கம் 60 என்று வந்தால் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர்கூட வராத பட்ஜெட் என்றால், யாரிடம் காட்டுவது என்று மெட்டா பழகிக்கொள்ளும் கற்றல் நிலையை விட்டு அது வெளியே வருவது கஷ்டம்.

முதல் ஆர்டரின் செலவை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். தள்ளுபடி ஆட்களைக் கழித்த பட்டியல், சட்டென்று வாங்குபவர்களையும் கொஞ்சம் கழித்துவிடும். எனவே முதல் ஆர்டருக்கு ஆகும் செலவு ஏறுவது இயல்புதான். நீங்கள் தேடச் சொன்னது திரும்பி வருபவர்களை, ஆகவே அளக்க வேண்டியதும் அதைத்தான். இரண்டு பக்கமும் கிடைத்த வாடிக்கையாளர்களைத் தனித்தனியாகக் குறித்துவைத்து, 60 நாள் கழித்துப் பாருங்கள்: எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள், எத்தனை பேர் கூப்பன் இல்லாமல் இரண்டாவது முறை வாங்கினார்கள், விளம்பரச் செலவு போக ஒரு ஆளுக்கு என்ன மிஞ்சியது. உங்கள் பொருள் அறுபது நாளில் தீர்ந்துபோவது இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, புதிய லுக்அலைக்கும் பிராட் ஆடியன்ஸைத் தாண்டவில்லை என்றால் அதற்கும் பொருள் உண்டு. உங்கள் தளத்தில் நடப்பதைக் கவனிக்கும் சிறு நிரலான பிக்சல் வழியாக வாரம் நூற்றுக்கணக்கான ஆர்டர் மெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தால், யார் வாங்குவார்கள் என்று அது ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கும். பட்டியலிலிருந்து புதிதாகக் கற்க அதற்கு அதிகம் மிச்சமில்லை. மூலப் பட்டியலின் பலம் தெரிவது, கணக்கு புதிதாக இருக்கும்போது, புதிய நாட்டில் இறங்கும்போது, அல்லது நல்ல வாடிக்கையாளர் யார் என்பது பிக்சலுக்குத் தெரியாத இடத்தில், அதாவது திருப்பி அனுப்புவதும் மறுபடி வாங்குவதும் உங்கள் ஆர்டர் பதிவில் மட்டும் இருக்கும்போது. உங்கள் விஷயத்தில் மூன்றாவது பொருந்தும் என்று நினைக்கிறேன், அதனால் கழிக்கும் வேலையைச் செய்து பாருங்கள் என்கிறேன். அப்படியும் சமமாகவே வந்தால் லுக்அலைக்கை விட்டுவிட்டு, அந்த 4,200 பேர் பட்டியலை எக்ஸ்க்ளூஷனுக்கும், பழைய வாடிக்கையாளரை மறுபடி அழைக்கும் விளம்பரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.